சராசரி 1,000 பேர், ஆனால் அப்படி ஓர் ஊரே இல்லை

*"மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒன்பது ஊர், கிழக்கே எழுவான்கரையில் ஒன்று என்று பத்து ஊர்களுக்கு நடமாடும் சிகிச்சை முகாம் திட்டம் எழுதினோம். மொத்தம் 10,000 பேர், ஊருக்குச் சராசரி 1,000 என்று போட்டேன். இந்தியக் குடிசன மதிப்பு அட்டவணைகளில் இருப்பதுபோல ஊர்களை அளவு வகுப்புகளாகப் பிரித்துத் தரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பிரிப்பது? சராசரியில் என்ன பிழை?"*
வாசகி ஒருவர், வவுணதீவு

சராசரியில் கணக்குப் பிழை இல்லை. ஆனால் நீங்கள் இணைத்திருந்த பட்டியலில் 1,000 பேர் உள்ள ஊர் ஒன்றுகூட இல்லை. சிறியதிலிருந்து அடுக்கினால் 90, 150, 180, 260, 340, 420, 700, 860, 1,500, கடைசியாக எழுவான்கரை ஊர் 5,500.

இந்திய அட்டவணையின் வகுப்புகள் இவை: 200க்குக் குறைவு, 200–499, 500–999, 1,000–1,999, 2,000–4,999, 5,000–9,999, 10,000உம் அதற்கு மேலும். பள்ளிக்கூடத்தில் படித்த சம வகுப்பாயிடைகள் இல்லை, மேலே போகப் போக அகலம் கூடுகிறது. அதற்குக் காரணம் உண்டு. 100 பேர் ஊரும் 400 பேர் ஊரும் வேறு வேறு தேவையுள்ள ஊர்கள். 5,100க்கும் 5,400க்கும் இடையில் அப்படி ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லைகளை 200–500, 500–1,000 என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சரியாக 500 பேர் உள்ள ஊர் இரண்டு பக்கமும் விழும்.

இனி ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு எண் எழுதுங்கள்: எத்தனை ஊர், அந்த ஊர்களில் மொத்தம் எத்தனை பேர். பலர் முதலாவதோடு நிறுத்திவிடுவார்கள், விஷயம் இருப்பதோ இரண்டாவதில். உங்கள் பட்டியலில் 200க்குக் குறைவாக 3 ஊர், 420 பேர். 200–499இல் 3 ஊர், 1,020 பேர். 500–999இல் 2 ஊர், 1,560 பேர். 1,000–1,999இல் 1 ஊர், 1,500 பேர். 2,000–4,999 வெற்று; அந்த வரியையும் பூச்சியத்தோடு விடுங்கள், இடைவெளி தெரியட்டும். 5,000–9,999இல் 1 ஊர், 5,500 பேர்.

இப்போது பாருங்கள். பத்தில் ஆறு ஊர் 500க்குக் கீழே, ஆனால் அவற்றில் இருப்பது சனத்தொகையில் 14 வீதத்துக்குச் சற்று மேல்தான். 55 வீதம் ஒரே ஊரில். நடுவில் நிற்கும் ஊரின் அளவு, அதாவது இடையம், 380. சராசரியை 1,000க்கு இழுத்துப்போனது அந்த ஒற்றைப் பெரிய ஊர். அதை எடுத்துவிட்டால் மற்ற ஒன்பதின் சராசரி 500. ஊருக்கு ஒரு நாள் முகாம் என்று வைத்தால் எழுவான்கரையில் வரிசை முடியாது, 90 பேர் ஊரில் மருத்துவர் மத்தியானத்தோடு சும்மா இருப்பார். சின்ன ஊர்கள் இரண்டு மூன்றை ஒரே நாளில் சேர்க்கலாம். ஆனால் இடையில் உள்ள வழி எவ்வளவு, மாரியில் அது திறந்திருக்குமா என்பதை அட்டவணை சொல்லாது.

அப்படியென்றால் சராசரி எதற்கு? ஒரு பகுதியில் மக்கள் சிதறி இருக்கிறார்களா, திரண்டு இருக்கிறார்களா என்று இன்னொரு பகுதியோடு ஒப்பிட அது உதவும். அப்போதும் எதை எதால் வகுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். 2011இல் இந்தியக் கிராமப்புற சனத்தொகை 83 கோடிக்கு மேல். ஆளில்லாத கிராமங்களையும் சேர்த்து 6,40,000 சொச்சத்தால் வகுத்தால் சராசரி ஏறக்குறைய 1,300. ஆளுள்ள 5,97,000 சொச்சத்தால் மட்டும் வகுத்தால் ஏறக்குறைய 1,400. ஒரு ஆள்கூடக் கூடவில்லை, சராசரி 100 கூடிவிட்டது.

நம் நாட்டில் சிக்கல் வேறு. தொகைமதிப்புத் திணைக்களத்தின் அட்டவணைகளில் மிகச் சிறிய அலகாக வருவது பெரும்பாலும் கிராம சேவகர் பிரிவு. அது ஊர் இல்லை. படுவான்கரையில் ஒரே பிரிவுக்குள் நாலைந்து ஊர் இருக்கலாம். எழுவான்கரையில் ஒரே ஊர் பல பிரிவாக உடைந்திருக்கும். காத்தான்குடியை நினைத்துப் பாருங்கள். ஆகவே பிரிவுகளை வைத்து வகுப்புப் போட்டால் சின்ன ஊர்கள் மறைந்துபோகும், பெரிய ஊர் நடுத்தரமாகத் தெரியும். ஒரு பிரிவை இரண்டாக்கினாலும் சராசரி தானாக இறங்கும். அதைப் பார்த்து சனம் குறைந்துவிட்டது என்று அறிக்கை எழுதியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

"கிராமம்" என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். இங்கே மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பதுதான் நகரம். பிரதேச சபைக்குள் இருப்பவை, பெருந்தோட்டம் அல்லாதவை, எல்லாம் கிராமம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் பட்டின சபைகள் பிரதேச சபைகளுக்குள் போனதும், கடைத்தெரு நிறைந்த இடங்கள் பல கணக்கில் கிராமமாகிவிட்டன. சம்மாந்துறையும் நிந்தவூரும் அப்படித்தான் கிராமப் பக்கம் நிற்கின்றன. மாவட்ட அட்டவணையில் இருந்து "கிராமச் சராசரி" எடுத்து உங்கள் ஒன்பது ஊரோடு ஒப்பிட்டால் பொருந்தாது.

உங்கள் பத்து எண்களும் எங்கிருந்து வந்தவை என்று எழுதவில்லை. பிரிவு எண்களாக இருந்தால், கிராம சேவகரிடம் ஊர்வாரிக் குடும்பப் பட்டியலைக் கேட்டு வாங்கி, வகுப்புகளை மறுபடி போடுங்கள். முதலில் அந்த 860ஐயும் 1,500ஐயும் பிரித்துப் பாருங்கள். படுவான்கரையில் ஒரே ஊராக இருக்க வாய்ப்புக் குறைவான எண்கள் அவைதான்.