மல்லின்னு சொன்னேன், பல்லி வரைஞ்சா

கேள்வி: அக்கா, மேலூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல ஏழாவதுக்கு சயின்ஸ் எடுக்கிறேன். இந்த வருசம் காது கேக்காத பையன் ஒருத்தன் சேந்திருக்கான், மெஷின் போட்டிருக்கான், ஆனா பெரும்பாலும் என் வாயைப் பாத்தும் போர்டைப் பாத்தும்தான் புரிஞ்சுக்கிறான், சைகை மொழி தெரியாது. முதல் பெஞ்ச்ல உக்கார வச்சு சத்தமா, நிறுத்தி நிறுத்தி சொல்றேன். புரியுதான்னா தலையாட்டுறான். பூவின் பாகங்கள் டெஸ்ட்ல சூல்னு எழுதவேண்டிய எடத்துல எல்லாம் தூள்னு எழுதிருக்கான். இன்னொரு தடவை அந்தப் பாடத்தை எடுக்கலாம்னு இருக்கேன். எப்படி எடுக்கட்டும்?

பதில்: தம்பி, அந்த டெஸ்ட் பேப்பரை தூரப் போட்றாதீங்க, அதுல பையன் உங்களுக்கு ஒரு லெட்டரே எழுதிருக்கான். இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் கண்ணாடி முன்னாடி நின்னு சத்தமே வராம சூல், நூல், தூள் மூணையும் சொல்லிப் பாருங்க. உதடு குவியுது, உள்ள நாக்கு என்ன பண்ணுதுன்னு வெளிய தெரியாது, மூணும் ஒண்ணாத்தான் இருக்கும். அப்புறம் படம், மடம், பணம், மணம் சொல்லிப் பாருங்க, நாலும் ஒரே வார்த்தை மாதிரி போகும். ப-வுக்கும் ம-வுக்கும் உதடு ஒரே மாதிரி மூடுது, மூக்கு வழியா சத்தம் போறது கண்ணுக்குத் தெரியுமா என்ன. ட-வும் ண-வும் அதே கததான். க வந்து தொண்டைகிட்ட பொறக்குறதால அது உதட்டுல கிடையவே கிடையாது, காலையும் ஆலையும் ஒண்ணு.

நான் இதைக் கத்துக்கிட்டது ஒரு அசிங்கத்துலதான். உசிலம்பட்டி பக்கம் வேலை பாத்தப்ப பூ பறிக்கிற வீட்டுப் பொண்ணு ஒருத்தி, இதே மாதிரி வாயைப் பாத்துப் படிக்கிற புள்ள. மல்லி படம் வரைன்னு சொன்னேன், அழகா ஒரு பல்லி வரைஞ்சு கொண்டாந்தா. கிளாஸே சிரிச்சுச்சு, நானும் சேந்து சிரிச்சுட்டேன், அதுதான் இப்பவும் உறுத்துது. தெனமும் மல்லியோடயே கெடக்குற புள்ளைக்கே சும்மா ஒத்த வார்த்தையா சொன்னா பல்லியாத்தான் தெரிஞ்சுச்சு, "பூ வரையப் போறோம்"னு போர்டுல ரெண்டு வார்த்தை எழுதிட்டு சொல்லிருந்தா பல்லி வந்துருக்காது.

வாயைப் பாத்துப் புரிஞ்சுக்கிறதுன்னா படிக்கிறது இல்ல தம்பி, பாதிக்கு மேல யூகம்தான். தெரிஞ்ச பாதிய வச்சு தெரியாத பாதிய அவன் மனசுக்குள்ள நெரப்பிக்கிறான், எத வச்சு நெரப்புவான், ஏற்கனவே தெரிஞ்ச வார்த்தைய வச்சுத்தான். தூள் அவனுக்குத் தெரியும், மிளகாத்தூள் வீட்டுல இருக்கு. சூல்னா என்னன்னு அவன் பாத்ததே இல்ல, அப்ப தூள்தான வரும்? உங்க பாடத்துல பாவம் அந்த ரெண்டுமே முக்கியமான வார்த்தை, தூள் போய் சூலைச் சேர்றதுதான் கதையே. ஆக, புது வார்த்தைய அவன் மொதல்ல எழுத்துல பாக்கணும், அப்புறம்தான் உங்க வாயில பாக்கணும். முந்தின நாளே அரைப் பக்கத்துல பூ படம் போட்டு புல்லி, அல்லி, மகரந்தப்பை, மகரந்தத் தூள், சூல்முடி, சூல்தண்டு, சூற்பை, சூல் இந்த எட்டையும் எழுதி வீட்டுக்குக் குடுத்து விடுங்க. மறுநாள் கிளாஸ் ஆரம்பிக்கையில ஒரு அஞ்சு நிமிஷம் ஒவ்வொண்ணா எழுத்தைக் காட்டி, அப்புறம் வாயைக் காட்டி, அவனையும் சொல்லச் சொல்லுங்க. எல்லாம் குழப்பும்னு பயப்பட வேணாம், புல்லிக்கு உதடு மூடும் அல்லிக்கு மூடாது, அது நல்லாவே தெரியும். சூல், தூள் ரெண்டுக்கு மட்டும் ரெண்டு கலர் அட்டை வச்சுக்கங்க, அந்த வார்த்தை வர்றப்பல்லாம் அட்டையைத் தூக்கிட்டுப் பேசுங்க. வாய்ல பிரிக்க முடியாததை வாயாலயே பிரிக்கணும்னு மல்லுக்கட்டாதீங்க.

இப்ப மெயின் விஷயத்துக்கு வர்றேன். மத்த புள்ளைங்களுக்கு காது ஒரு பக்கம் கண்ணு ஒரு பக்கம் வேலை செய்யும், நீங்க செம்பருத்தியைப் பிளேடால வகுந்துகிட்டே "இந்தா பாரு இதுதான் சூல்முடி"ன்னா அதுங்க பூவைப் பாத்துக்கிட்டே கேட்டுக்கும். இவனுக்கு ரெண்டு வேலையும் கண்ணுதான் பாக்கணும். பூவைப் பாத்தா வாய் போச்சு, வாயைப் பாத்தா பூ போச்சு, நோட்டுல குனிஞ்சா ரெண்டும் போச்சு. நீங்க போர்டுல எழுதிக்கிட்டே பேசுனீங்கன்னா உங்க முதுகு அவன்கிட்ட பேசிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அதனால எல்லாத்தையும் வரிசையாக்கணும். மொதல்ல வாய்: திரும்பி நின்னு "இப்ப பூவோட உச்சிய பாக்கப் போறோம், அங்க அஞ்சு சின்ன உருண்டை இருக்கும்"னு சொல்லுங்க. அப்புறம் வாயை மூடிக்கிட்டு பூவைக் காட்டுங்க, மனசுக்குள்ள மூணு நாலு எண்ணுங்க. அவன் கண்ணு உங்க மூஞ்சிக்குத் திரும்பி வந்தப்புறம் "அந்த உருண்டைதான் சூல்முடி"ன்னு சொல்லி, போர்டுல எழுதி வச்ச வார்த்தையத் தொடுங்க. அவன் கண்ணு திரும்பலன்னா நீங்க பேசக்கூடாது, அதுதான் கணக்கு. மொதல்ல ரெண்டு மூணு நாள் ஊமைப் படம் ஓட்டுற மாதிரி இருக்கும், மத்த பசங்க நெளிவானுங்க, அப்புறம் பழகிரும், சொல்லப்போனா அவனுங்களும் அப்பதான் பூவையே ஒழுங்கா பாப்பானுங்க.

செம்பருத்தி எடுத்தது நல்லது, எல்லாம் பெருசா இருக்கும். ஆனா அதுல மகரந்தத்தாள் எல்லாம் ஒட்டி குழாய் மாதிரி இருக்கும், சூல்தண்டு அந்தக் குழாய்க்குள்ளதான் ஏறிப் போகும், இதை வாயால சொன்னா கேக்குற புள்ளைக்கே புரியாது. குழாயை நீளவாக்குல கிழிச்சு உள்ள இருக்குற தண்டை வெளிய எடுத்து ஒரு வெள்ளைப் பேப்பர்ல செல்லோடேப் போட்டு ஒட்டி, பக்கத்துல பேரு எழுதி அவன் கையில குடுத்துருங்க. அடியில சூற்பையை வெட்டினா உள்ள குட்டிக் குட்டியா சூல் தெரியும், அதை அவன் நகத்தால தொட்டுட்டான்னா அப்புறம் ஜென்மத்துக்கும் தூள்னு எழுத மாட்டான்.

அடுத்தது மகரந்தச் சேர்க்கை. தன் மகரந்தச் சேர்க்கை, அயல் மகரந்தச் சேர்க்கை, ரெண்டுக்கும் முன்னாடி ஒத்த சொல்லுதான் வித்தியாசம், பின்னாடி ரயில் மாதிரி ஒரே பெட்டிங்க. அதோட நம்ம தமிழ்ல யாரு யாருக்கு என்ன பண்ணாங்கங்கிறது வார்த்தையோட வாலுலதான் இருக்கு, ஐ, ஆல், கு. பேசுறப்ப அந்த வாலைத்தான் நாம முழுங்குறோம். "பூச்சியால தூள் இன்னொரு பூவுக்குப் போகுது"ன்னா அவன் பிடிக்கிறது பூச்சி, பூ, அவ்வளவுதான். அதனால ஒரே பூவுக்குள்ள சுத்துற அம்புக்குறி ஒண்ணு, ஒரு பூவுலருந்து அதே வகை வேற செடியோட பூவுக்கு ஒண்ணு, போர்டுல போட்டுட்டு அம்பு மேல விரல் வச்சு சொல்லுங்க. எழுதிக் குடுக்குறதுலயும் புத்தக வாக்கியம் வேணாம், "கடத்தப்படுவதால் நிகழ்கின்ற" மாதிரி வந்துச்சுன்னா அவனால எழுத்துலயும் ஏற முடியாது, காதுல விழுந்து விழுந்து வர்ற மொழி அவனுக்கு வரலையே. "தூள் சூல்முடியில் ஒட்டும். இது மகரந்தச் சேர்க்கை." இப்படி ரெண்டு சின்ன வரி போதும்.

சத்தமா பேசுறதை விட்ருங்க. கத்தினா வாய் கோணும், அவன் பழகின உருவம் மாறிப்போகும், மெஷின்லயும் சத்தம் சிதறும். வார்த்தை வார்த்தையா பிச்சுப் பேசுறதும் அப்படித்தான், சாதாரண பேச்சுல ஒரு சுத்து நிதானம், முழு வாக்கியமா, அவ்வளவுதான். ஒரு தடவை புரியலன்னா அதையே திருப்பிச் சொல்லாதீங்க, வேற வார்த்தைய போட்டுச் சொல்லுங்க, பிடிபடாத உருவம் ரெண்டாவது தடவையும் பிடிபடாது. நீங்க ஜன்னலுக்கு முன்னாடி நிக்கிறீங்களான்னும் பாருங்க, பின்னாடி வெயிலடிச்சா உங்க மூஞ்சி கறுப்பா நெழலாத்தான் தெரியும். மொத பெஞ்ச் நடுவுல அண்ணாந்து பாக்கிறதைவிட ரெண்டாவது வரிசை ஓரம் தேவல, திரும்பினா மத்த பசங்க மூஞ்சியும் தெரியும். அவனுங்க யாராவது பதில் சொன்னா மொதல்ல ஆளைக் கை காட்டுங்க, அப்புறம் அதை நீங்க ஒருக்க சொல்லிருங்க. நோட்ஸ் டிக்டேஷன் வேணவே வேணாம், வாயைப் பாத்துக்கிட்டே எழுத யாராலயும் ஆகாது, பக்கத்துப் பையன் நோட்டுல கார்பன் பேப்பர் வைங்க.

"புரியுதா"ன்னு கேட்டா தலையாட்டாம வேற என்ன பண்ணுவான், முப்பது பேரு திரும்பிப் பாக்குறானுங்கள்ல. வேலை குடுங்க. "தூள் எங்க ஒட்டும், படத்துல குறி"ன்னு ஒரு துண்டுச் சீட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒருக்க. வர்ற தப்பை வச்சே எங்க ஓட்டைன்னு தெரியும். உதட்டுல ஒண்ணா இருக்கிற வார்த்தையா மாத்தி எழுதினா அந்த வார்த்தையை எழுத்துல காட்டலன்னு அர்த்தம். பேரு சரி, இடம் தப்புன்னா நீங்க காட்டிக்கிட்டே பேசிருக்கீங்க, அவன் வாயைத்தான் பாத்திருக்கான். மொத பாதி சரியா இருந்து பின்பாதி மட்டும் கந்தலாச்சுன்னா கண்ணு அசந்துருச்சு, அந்த நேரத்துக்கு படம் ஒட்டுற, வரையுற வேலைய தள்ளி வைங்க. ஒரு நாள் மட்டும் மொத்தமா ஒண்ணுமே ஓடலன்னா மெஷினைப் பாருங்க, பேட்டரி செத்துருக்கும், இல்ல காதுல வைக்கிற அச்சுல குறும்பி அடைச்சிருக்கும்.

மெஷினுக்கு தெனமும் காலைல ஒரு நிமிஷம் ஒதுக்குங்க. ஒரு பேப்பரால வாயை மறைச்சுக்கிட்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் ஆறு சத்தம், கேட்டா திருப்பிச் சொல்லணும். எல்லாப் புள்ளைக்கும் ஆறும் கேக்காது, இவனுக்கு வழக்கமா எத்தனை கேக்குதுன்னு குறிச்சு வச்சுக்கங்க, அதுல கொறஞ்சா அன்னிக்கு மெஷின் மக்கர். வட்டார வள மையத்துல சிறப்பு ஆசிரியர் இருப்பாங்க, இந்த டெஸ்டை ஒரு தடவை அவங்கள வந்து காட்டச் சொல்லுங்க, பரீட்சைக்கு கூடுதல் நேரம் மாதிரி சலுகைக்கெல்லாம் பேப்பர் போடுறதும் அவங்கதான் சொல்லுவாங்க.

இவ்வளவு பண்ணாலும் நீங்க பேசுறது எல்லாம் அவனுக்குப் போய்ச் சேராது, ரொம்பப் பழகினவங்களுக்கே விட்டு விட்டுத்தான் சேரும், அதான் எழுத்தையும் படத்தையும் இந்தளவுக்கு இழுக்கிறேன். திருப்பி எடுத்துட்டு அடுத்த டெஸ்ட் பேப்பர்ல எந்தத் தப்பு எந்த வகைன்னு பிரிச்சு எழுதி அனுப்புங்க, பாப்போம். அப்புறம் தம்பி, உங்களுக்கு மீசை எப்படின்னு தெரியல, மேலூர்ங்கிறதால கேக்கிறேன், மேலுதட்டுல வந்து விழுதுன்னா கொஞ்சம் கத்தரிச்சு விட்ருங்க.