எப்போது நின்றது அந்த 'அண்ணா'?

*அக்கா, ஒரு தோழிக்கு எழுதுவதாக நினைத்து எழுதுகிறேன். பெரியம்மா மகன் கல்யாணத்தில் அவன் கூட்டாளி ஒருவர் பழக்கமானார். போட்டோ அனுப்பக் கேட்டுத் தொடங்கிய பேச்சு. 5 மாதமாக ஞாயிறு ராத்திரி 9.30 மணிக்கு ஓசூரிலிருந்து கூப்பிடுவார், வைக்க 11 ஆகிவிடும். தப்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை. முதலில் 'அண்ணா' என்பேன், இப்போது 'சொல்லுங்க' என்றுதான் எடுக்கிறேன். வீட்டில் ஆவணிக்குள் முடிக்க ஜாதகம் எடுத்துவிட்டார்கள். இது நட்பா, வேறு ஏதுமா?*
*– வாசகி, அம்பாசமுத்திரம்*

அவர் மனசில் என்ன என்று என்னிடம் கேட்கிறாய். அந்த 'அண்ணா' எந்த ஞாயிற்றுக்கிழமை நின்றது, அதைச் சொல் முதலில்.

நம் பக்கம் பால்காரரும் அண்ணன், பஸ் கண்டக்டரும் அண்ணன். அண்ணனின் கூட்டாளியைக் கேட்கவே வேண்டாம். யோசிக்காமல் வாயில் வருகிற வார்த்தை அது. சொல்லாமல் இருக்கத்தான் மெனக்கெட வேண்டும். நீ மெனக்கெட்டிருக்கிறாய். ஆக, உன் பக்கம் நட்பைத் தாண்டியாயிற்று. அவர் பக்கம் இன்னும் தெரியாது. வெளியூரில் தனியாகக் கிடக்கிற பையனுக்கு ஞாயிறு ராத்திரி பேச ஆள் வேண்டும், ஒன்றரை மணி நேரம் அதற்காகவும் இருக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை இப்படியே 8 மாதம் பேசினாள். ஒருநாள் அவனுடைய கல்யாணப் பத்திரிகை அவள் அண்ணன் கைக்கு வந்தது. போன் போட்டு அழுதாள். "உன்னைத் தங்கச்சி மாதிரில்லா நெனச்சேன்" என்றான். அதுவரை ஒரு தடவைகூட அந்த வார்த்தை அவன் வாயில் வந்ததில்லை. நீங்கள் இருவரும் எதுவும் பேசாதவரை, அந்த வார்த்தையை எடுத்து நீட்ட உன் ஆளுக்கும் வழி இருக்கிறது.

வருகிற ஞாயிறு ஒன்றே ஒன்று கேள்: "நாம பேசுறது அண்ணனுக்குத் தெரியுமா?" தெரியும், நானே சொன்னேன் என்றால் நல்ல பிள்ளை, வீட்டில் வந்து பேச முடியுமா என்று அடுத்த கேள்வியையும் அங்கேயே கேட்டுவிடு. "அவன்கிட்ட எதுக்கு இதெல்லாம்" என்று இழுத்தால், 5 மாதமாக உன் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறைத்திருக்கிறார் என்று அர்த்தம். அவரை மட்டும் சொல்வானேன், நீயும்தான் மறைத்திருக்கிறாய்.

எனக்குக் கோபம் அந்த ஜாதகத்தில்தான். உங்கப்பா அதை நாலு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். எவரோ கார் பிடித்து வருவார்கள், உங்கம்மா தட்டில் அல்வாவும் மிக்சரும் வைப்பாள், நீ பூ வைத்துக்கொண்டு வந்து நிற்பாய். ராத்திரி 9.30 மணிக்கு போனோடு மொட்டை மாடியா? வந்தவர்களும் ஒரு வீட்டு மனிதர்கள்தானே. நான் பழைய காலத்து ஆள் என்று நினைத்தாலும் சரி, இது எனக்கு ஆகாது.

அதனால் ஞாயிறு கேட்டுவிட்டு, திங்கள் காலையில் அண்ணனிடம் நீயே சொல். பதில் எதுவானாலும் சொல். அதுவரை ஜாதகத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கும்படி அம்மாவிடம் இன்றைக்கே கேட்டுக்கொள்.