முதலில் வறுமைக் கோட்டைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் நாட்டில் வறுமை ஒழிந்தேவிட்டது என்கிறது ஓர் அறிக்கை. கொஞ்சமும் குறையவில்லை என்கிறது இன்னொன்று. இரண்டும் ஒரே ஆண்டைப் பற்றியவை. யார் பொய் சொல்கிறார்கள்?

பதில்: பெரும்பாலும் யாரும் இல்லை. இருவரும் வேறு வேறு வறுமைக் கோடுகளைக் கொண்டு அளந்திருப்பார்கள்.

ஐந்து குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். வருமானம் 9, 14, 25, 30, 70. உயிர் வாழ 10 வேண்டும் என்று வைத்தால், அது அறுதிக் கோடு. அதன்படி ஏழை ஒரு குடும்பம்தான். சார்புக் கோடு அப்படியல்ல. வரிசையில் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானத்தை, அதாவது 25-ஐ, பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் அதில் 60 சதவீதத்தைக் கோடாக வைக்கிறது. அது 15. இப்போது ஏழைகள் இரண்டு குடும்பங்கள்.

பத்தாண்டுகளில் விலைவாசி மாறாமல் எல்லோருடைய வருமானமும் இரட்டிப்பானால்? 10 என்ற கோட்டுக்குக் கீழே ஒருவரும் இல்லை. நடு வருமானமோ 50, கோடு 30. வருமானம் 18, 28 உள்ள இருவரும் ஏழைகளாகவே எண்ணப்படுவார்கள். உங்கள் இரண்டு அறிக்கைகளும் இப்படித்தான் பிறந்திருக்கும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நன்றாக மனதில் பதிய வையுங்கள், ஏனென்றால் இதில்தான் ஏமாற்று அதிகம். பொருளாதாரம் சரிந்து, நடுக் குடும்பத்தின் வருமானம் 25-லிருந்து 20-ஆக விழுகிறது, மற்றவை அப்படியே. கோடு 12-க்கு இறங்கிவிடும். 14 உள்ள குடும்பம் ஒரு காசு கூடப் பெறாமலே வறுமையிலிருந்து 'மீண்டுவிட்டது'! மந்த காலத்தில் இதையே சாதனையாக விற்கும் அறிக்கைத் தரகர்கள் இருக்கிறார்கள். பணம் கொடுப்பவருக்கு ஏற்றபடி 60 சதவீதத்தை 50 ஆக்குவதும் இவர்கள் கைவேலை. முதல் வரிசையில் 50 சதவீதம் என்றால் கோடு 12.5. அங்கேயும் அந்த 14 குடும்பம் காணாமல் போகும்.

மந்த காலத்தில் கோடு இப்படிச் சரிவதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. முந்தைய ஆண்டின் 15 என்ற கோட்டையே விலைவாசிக்கு மட்டும் திருத்தி, இந்த ஆண்டுக்கும் போட்டுப் பாருங்கள். 14 மறுபடி ஏழையாகவே தெரியும்.

அறுதிக் கோடும் கல்லில் வெட்டியது அல்ல. 2025 ஜூனில் உலக வங்கி நாளொன்றுக்கு 2.15 டாலர் என்ற கோட்டை 3 டாலராக்கியது. அன்று யாருடைய கூலியும் குறையவில்லை. ஆனாலும் கோடிக்கணக்கானோர் புதிதாக ஏழைகளாக எண்ணப்பட்டார்கள். ஆகவே பழைய கோட்டில் எடுத்த எண்ணையும் புதிய கோட்டில் எடுத்த எண்ணையும் ஒரே வரைபடத்தில் இணைத்திருந்தால், அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

கோடு எது என்பதைத் தலைப்பிலேயே அச்சிடச் சொல்லிப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். இன்றும் அடிக்குறிப்பில், பொடி எழுத்தில்தான் போடுகிறார்கள். உங்கள் இரண்டு அறிக்கைகளிலும் முதலில் அங்கே தேடுங்கள்.