ரீச் திடீரென்று விழுந்தால் எங்கே பார்ப்பது? (கேள்வி பதில்)

சிறு பக்கங்களின் எண்களைப் பிரித்துப் பார்த்துச் சொல்வதே சில வருடங்களாக என் வேலை. இன்ஸ்டாகிராம் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரு பதிவு எத்தனை பேரை எட்டியது என்பதுதான் ரீச்.

தையல் வீடியோ போடுபவர்: ஒரு வீடியோவுக்கு 20,000 வந்த ரீச் மூணு வாரமா 4,000-தான். தளமே சொல்லாம மறைக்கிற ஷேடோபேன்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படி வெளியே வர்றது?

நீங்கள் அனுப்பிய Insights புள்ளிவிவரப் படங்களில் விடை இருக்கிறது. அந்த 20,000-ல் உங்களைப் பின்தொடர்பவர்கள் 3,500 பேர், வெளியாட்கள் 16,500 பேர். இப்போதைய 4,000-ல் பின்தொடர்பவர்கள் 3,300, வெளியாட்கள் 700. உங்கள் ஆட்கள் எங்கும் போகவில்லை. காலர் தைக்கும் அந்த ஒரு வீடியோவைத் தளம் அறிமுகமில்லாதவர்களுக்குப் பரிந்துரைத்தது, அலை அடித்தது, ஓய்ந்தது.

வெளியாட்கள் பக்கம் மட்டும் விழுந்தால் அடுத்து திறக்க வேண்டியது அமைப்புகளில் உள்ள Account Status. ஏதாவது பதிவால் உங்கள் கணக்கு பரிந்துரைக்குத் தகுதி இழந்திருந்தால் அங்கே தெரியும். அந்தப் பதிவை நீக்கலாம், தவறென்று நினைத்தால் மறுபரிசீலனை கேட்கலாம். உங்களுடையதில் எந்தக் குறையும் இல்லை. காலர் வீடியோவுக்கு முந்தைய 11 பதிவுகளின் ரீச்சை வரிசையாக எழுதி நடுவில் நிற்கும் எண்ணைப் பார்த்தேன்: 4,200. உங்கள் வழக்கமான அளவே அதுதான். சராசரி எடுக்காதீர்கள், ஒரே ஒரு பெரிய வீடியோ அதைத் தூக்கிவிடும். நேற்றுப் போட்டதை மூன்று வாரப் பழையதோடு ஒப்பிடுவதும் தப்புக் கணக்கு, இரண்டையும் போட்ட ஏழாம் நாளில் பாருங்கள்.

நகை செய்து விற்பவர்: பிசினஸ் கணக்குக்கு மாத்தின வாரமே குறைஞ்சது. விளம்பரம் வாங்க வைக்கத்தானே இப்படிப் பண்றாங்க?

மாற்றியதற்கும் இறங்கியதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பது வரை சரி. காரணம் வேறாக இருக்கலாம். பிசினஸ் கணக்குகளுக்குப் பிரபலமான பாடல்கள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. உங்கள் பழைய வீடியோக்கள் எல்லாமே அப்படிப்பட்ட பாடல்களின் மேல் நின்றவை. மாறிய பிறகு பின்னணியில் யாருக்கும் பழக்கமில்லாத இசை. வீடியோவே மாறியிருக்கும்போது கணக்கின் வகை மட்டும் குற்றவாளி என்று சொல்ல முடியாது. உங்கள் குரலிலேயே செய்முறையைச் சொல்லி நாலைந்து போட்டுப் பாருங்கள், வித்தியாசம் எங்கே என்று தெரியும்.

செடி வளர்ப்புப் பக்கம்: எனக்குப் பின்தொடர்பவங்க பக்கமே விழுந்திருக்கு. ஒரு பதிவுக்கு 2,400 பேர் பார்த்தது இப்ப 1,300. நான் முன்னைவிட அதிகமா உழைக்கிறேன்!

அதிகமாகப் போடுவதையே முதலில் சந்தேகிக்கிறேன். வாரம் மூன்று போட்டீர்கள்: மொத்த ரீச் 7,200. இப்போது தினமும் ஒன்று: 9,100. ஒரே வாசகரின் நேரம் ஏழு பதிவுகளுக்குப் பங்கு போவதால் ஒவ்வொன்றின் எண்ணும் இறங்குகிறது. ஆனால் இந்தக் கூட்டலில் ஒரே ஆள் பலமுறை எண்ணப்பட்டிருப்பார். அதனால் 7 நாட்களில் மொத்தம் எத்தனை வெவ்வேறு கணக்குகளை எட்டினீர்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அது குறையவில்லையென்றால் கவலையில்லை. குறைந்திருந்தால் கடைசி 20 பதிவுகளைத் தலைப்புவாரியாகப் பிரியுங்கள். நோய்க்கு மருந்து சொல்லும் பதிவுகள் பழைய அளவில் நிற்க, பூந்தொட்டி அலங்காரம் மட்டும் பாதியாகியிருந்தால், வாசகர்கள் எதற்காக வந்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

புதிதாகச் சேர்ந்தவர்: எனக்கும் இதேதான், ஒரே நாளில் 40 பேர் குறைஞ்சுட்டாங்க.

அது வேறு விஷயம். நீங்கள் சொல்வது பின்தொடர்பவர் எண்ணிக்கை. போலிக் கணக்குகளைத் தளம் நீக்கும்போதும் அது இறங்கும். ரீச் அப்படியே இருந்தால் விட்டுவிடுங்கள்.

சிரிப்பு வீடியோ தொகுப்பவர்: நல்ல வீடியோக்களைத் தேடித் தேடி, எடுத்தவங்க பேர் போட்டுத்தான் பகிர்றேன். ஹேஷ்டேக்கும் மாத்திட்டேன். வெளியாட்கள் சுத்தமா வர்றதில்லை.

ஹேஷ்டேக்கை விடுங்கள், உங்களுடையது நிஜமான காரணம். 2024 ஏப்ரலில் இன்ஸ்டாகிராம் வெளிப்படையாகவே அறிவித்தது: 30 நாட்களில் 10 முறையோ அதற்கு மேலோ பிறர் படைப்பைப் பெரிதாக மாற்றாமல் போடும் கணக்குகளைப் பரிந்துரைக்காது. பெயர் போட்டால் மட்டும் போதாது. அப்படிப் போடுவதை நிறுத்தி 30 நாள் பொறுங்கள்.

தையல் வீடியோ போடுபவர்: அப்ப சரியாப் போகாததை அழிச்சுட்டுத் திரும்பப் போட்டா?

சிலருக்கு இரண்டாம் முறை ஓடியிருக்கிறது, சிலருக்கு முதல் முறையைவிட மோசம். அழித்ததால் ஓடியதா, வேறு நேரத்தில் வேறு ஆட்கள் கண்ணில் பட்டதால் ஓடியதா என்று பிரிக்க எனக்கு வழி கிடைக்கவில்லை. அழித்தால் அதன் கருத்துகளும் சேமிப்புகளும் போய்விடும் என்பது மட்டும் உறுதி. நான் அழிப்பதில்லை. முதல் மூன்று நொடியை மாற்றிப் புதிதாக இன்னொன்று போடுகிறேன்.