கூண்டுல மாட்டின எலியை எங்க விடுறது?

கேள்வி: மசால் வடை வச்சு ஒரு எலி பிடிச்சோம், தெருக்கோடி காலி மனைல விட்டுட்டு வந்தோம். நாலாம் நாளே கிச்சன்ல மறுபடி சத்தம். இவர் தண்ணி டிரம்ல முக்கிடலாம்ங்கிறார், எனக்கு மனசு வரல. – வாசகி, தாம்பரம்

பதில்: முக்க வேணாம்மா. எலி நல்லா நீந்துற ஜீவன், கூண்டோட தண்ணில இறக்கினா சட்டுனு உயிர் போகாது, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மூச்சுக்குத் தவிக்கும், அது ரொம்பக் கொடுமை.

தெருக்கோடில விட்டது திரும்பி வந்ததுல ஆச்சரியமே இல்ல. நான் ஒரு தடவை வால்ல சிவப்பு நெயில் பாலிஷ் தொட்டு வச்சு, எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி விட்டேன், ரெண்டாம் ராத்திரி அதே சிவப்பு வாலோட கூண்டுல உக்காந்திருந்துச்சு. அந்தத் தூரம்லாம் அதுக்குப் பழகின வழி, சுவரோரமா மோப்பம் பிடிச்சே வந்துடும். சரி, பைக்ல வச்சு ரொம்ப தூரம் கொண்டுபோய் விடலாமேன்னா அதுவும் கருணை இல்ல, புது இடத்துல வளை கிடையாது, இரை எங்கன்னு தெரியாது, அங்க இருக்கிற எலிங்க கடிச்சு விரட்டும், நிறைய எலி கொஞ்ச நாள்லயே செத்துடும்.

அதனால முதல்ல ஓட்டையைத் தேடுங்க. சிங்க் பைப் சுவருக்குள்ள போற இடம், கேஸ் டியூப் வர்ற ஓட்டை, ஏசி பைப் வழி எல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க, எலி ஒடம்பு உரசி உரசி ஓரத்துல கருப்பா எண்ணெய்ப் பிசுக்கு படிஞ்சிருந்தா அதான் வழி. சாயங்காலம் அதுல நியூஸ்பேப்பரை லேசா சொருகி வைங்க. காலைல தள்ளி விட்டிருந்தா இன்னும் போக்குவரத்து இருக்குன்னு அர்த்தம், கூண்டு வைக்கிறதைத் தொடருங்க. ரெண்டு மூணு நாள் பேப்பர் அசையாம, உள்ளயும் சத்தம் இல்லாம இருந்தா இரும்பு நார் திணிச்சு சிமென்ட் பூசிடுங்க, வெறும் சிமென்ட்னா காயுறதுக்குள்ள பறிச்சுடும். இதுக்கப்புறம் மாட்டுற எலியை வீட்டுக்கு வெளிய, காம்பவுண்டு ஓரத்துலயே விடலாம், அதுக்குத் தெரிஞ்ச இடம், பொழைச்சுக்கும், உள்ள வரத்தான் வழி இருக்காது.

விடவே முடியாதுன்னா பழகின ஆளை வச்சு ஒரே அடில முடிக்கணும். கூண்டு வாயை கெட்டியான துணிப்பைல நுழைச்சா எலி இருட்டைத் தேடி அதுக்குள்ள ஓடும், மூலைல ஒதுக்கி, பைக்கு மேலயே தலையைப் பார்த்து பலமா ஒரு அடி. மூச்சு நின்னுச்சா, கண்ணைத் தொட்டா இமைக்கலையான்னு பார்த்துட்டுதான் புதைக்கணும். கை நடுங்குற ஆள் இதைத் தொடவே கூடாது, வெட்னரி டாக்டர்கிட்ட கேளுங்க.

அதுவரைக்கும் கூண்டை வெயில்ல வைக்காதீங்க, மேல ஒரு பழைய துணியைப் போட்டா அடங்கிடும். எலி மூத்திரத்துல எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், கிளவுஸ் போட்டுத்தான் கூண்டைத் தொடணும், அப்புறம் பிளீச்சிங் தண்ணி ஊத்திக் கழுவிடுங்க.

இன்னொண்ணு, மாட்டினது கூர் மூக்கும் பொடிக் கண்ணுமா ஒரு மாதிரி வாடையோட இருந்தா அது மூஞ்சூறு, எலியே இல்ல. கரப்பான் தின்னுற ஜீவன், பசி தாங்காது, பார்த்த உடனே வாசல்ல திறந்து விட்டுடுங்க.