ஒப்பந்தம் மாறும் நாளில் வரும் பொய்யான விலைக் குதிப்பு: ஃபியூச்சர்ஸ் தொடர் விலையைக் கட்டுவது எப்படி?

கேள்வி: ஃபியூச்சர்ஸ் விலையைக் கண்காணிக்க ஒரு சின்ன நிரல் வைத்திருக்கிறேன். எக்ஸ்பைரி நெருங்கி அடுத்த மாத ஒப்பந்தத்துக்கு மாறும்போதெல்லாம் விலை பெரிதாகக் குதித்ததாக எச்சரிக்கை வருகிறது. எப்போது மாறுவது, பழைய விலையையும் புதிய விலையையும் எப்படி ஒட்டுவது?

பதில்:

உங்கள் நிரல் ஒரு ஒப்பந்தத்தின் இன்றைய விலையிலிருந்து வேறொரு ஒப்பந்தத்தின் நேற்றைய விலையைக் கழிக்கிறது. பொய் எச்சரிக்கை வருவது அதனால்தான். மே ஒப்பந்தமும் ஜூன் ஒப்பந்தமும் ஒரே சரக்கைப் பற்றியவைதான், ஆனால் விலை தனித்தனி. சேமித்து வைக்கும் செலவு, வட்டி, இப்போதைக்குக் கையிருப்பு எவ்வளவு இருக்கிறது என்பவை சேர்ந்து நடுவில் ஒரு இடைவெளியை உண்டாக்குகின்றன. மேயை விற்று அதே நேரத்தில் ஜூனை வாங்கியவருக்கு அந்த இடைவெளியால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. யாருடைய கணக்கிலும் ஏறாத ஒன்றை விலை நகர்வு என்று திரையில் காட்டக் கூடாது.

நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2020 ஏப்ரலில் அமெரிக்க டபிள்யூ.டி.ஐ. கச்சா எண்ணெய். மே ஒப்பந்தம் `CLK20`, ஜூன் ஒப்பந்தம் `CLM20`. ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை செட்டில்மென்ட் விலை, அதாவது எக்ஸ்சேஞ்ச் அன்றைய முடிவில் நிர்ணயித்த விலை, மேக்கு 18.27 டாலர், ஜூனுக்கு 25.03 டாலர். அடுத்த வர்த்தக நாளான திங்கள் 20 அன்று மே −37.63, ஜூன் 20.43. மே ஒப்பந்தத்தின் கடைசி வர்த்தக நாள் 21.

வெள்ளி மாலை ஜூனுக்கு மாறிய ஒருவர் எதையும் சரிசெய்யாமல் இரண்டு தொடர்களையும் அப்படியே ஒட்டியிருந்தால், அவர் திரையில் 18.27க்குப் பிறகு 20.43 வந்திருக்கும். அதாவது எண்ணெய் கிட்டத்தட்ட 12 சதவீதம் ஏறிவிட்டது! உண்மையில் அவர் கையில் இருந்த ஜூன் ஒப்பந்தம் 25.03லிருந்து 20.43க்கு விழுந்தது. பீப்பாய்க்கு 4.60 டாலர், 18 சதவீதத்துக்கும் மேல் சரிவு. இங்கே அளவு மட்டும் தவறவில்லை, திசையே மாறிவிட்டது. பொய் எச்சரிக்கையையாவது பார்த்துவிட்டு ஒதுக்கிவிடலாம். இடைவெளி உண்மையான சரிவை மூடி மறைத்துவிட்டால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. எனக்கு இதுதான் பெரிய ஆபத்தாகப் படுகிறது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் பழக்கத்தில் உள்ளன. ஒன்று கூட்டல் முறை: மாறும் நாளில் இரண்டு ஒப்பந்தங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை (25.03 − 18.27 = 6.76) அதற்கு முந்தைய எல்லா விலைகளோடும் கூட்டுவது. வெள்ளிக்கிழமை விலை 25.03 ஆகிவிடும், திங்களன்று −4.60 சரியாக வரும். இன்னொன்று பெருக்கல் முறை: 25.03 / 18.27, அதாவது 1.37ஆல் பழைய விலைகளைப் பெருக்குவது. கூட்டல் முறை டாலர் மாற்றத்தைக் காப்பாற்றும், பெருக்கல் முறை சதவீத மாற்றத்தைக் காப்பாற்றும். கூட்டல் முறைத் தொடரில் நீண்ட கால சதவீதம் கணக்கிட்டால் அர்த்தமில்லாத எண்தான் வரும். வருடக்கணக்கில் இடைவெளிகள் சேரச் சேரப் பழைய விலைகள் எங்கோ போய் நிற்கும், எதிர்மறையாகக்கூடப் போகலாம்.

எந்த முறை என்பதைவிட எந்த நாளில் மாறுகிறோம் என்பதுதான் அதிகம் பாதிக்கிறது. அதே உதாரணத்தில் ‘எக்ஸ்பைரிக்கு முந்தைய நாள் மாறு’ என்று எழுதிய ஒரு நிரலை நினைத்துப் பாருங்கள். அது 20ஆம் தேதி மாலை மாறும். இடைவெளி 20.43 − (−37.63) = 58.06 டாலர். இதைப் பின்னோக்கிக் கூட்டினால் வெள்ளிக்கிழமையின் 18.27, 76.33 ஆகிவிடும். அந்த மாதம் எண்ணெய் விலை அதன் பக்கத்தில்கூட இல்லை. பெருக்கல் முறையில் இன்னும் மோசம்: பெருக்கும் எண்ணே எதிர்மறை என்பதால் பழைய வரலாறு முழுவதும் தலைகீழாகிவிடும். கணக்கில் பிழை ஏதும் இல்லை. சந்தையில் பெரும்பாலானவர்கள் விட்டுப்போன ஒப்பந்தத்தில் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்ததுதான் தவறு.

அதனால் நான் நாள்காட்டியை மட்டும் நம்பமாட்டேன். முதல் அளவுகோல் ஓப்பன் இன்ட்ரஸ்ட், அதாவது இன்னும் முடிக்கப்படாமல் நிற்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கை: அடுத்த மாதத்தின் ஓப்பன் இன்ட்ரஸ்ட் நடப்பு மாதத்தைத் தாண்டி, தொடர்ந்து இரண்டு நாள் அப்படியே இருந்தால் மாறுவது. ஒரே நாளில் முடிவெடுத்தால், அன்றைக்கு மட்டும் எண்கள் முன்னே பின்னே போவதில் ஏமாற வாய்ப்புண்டு. மாறியபின் எக்காரணம் கொண்டும் பழைய மாதத்துக்குத் திரும்பக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு இல்லாத நிரல் ஒரே வாரத்தில் போய்ப் போய் வரும், ஒவ்வொரு முறையும் ஒரு இடைவெளியைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

கடைசிக் காவலாக ஒரு தேதியும் வேண்டும். சரக்கை நேரில் ஒப்படைக்கும் ஒப்பந்தங்களில், ஒப்படைப்பு அறிவிப்பு வரத் தொடங்கும் முதல் நோட்டீஸ் நாள், கடைசி வர்த்தக நாள் என்று இரண்டு இருக்கும். எது முன்னால் வருகிறதோ அதற்குச் சில வர்த்தக நாள்கள் முன்பே மாறிவிட வேண்டும். டபிள்யூ.டி.ஐ.யில் முன்னால் வருவது கடைசி வர்த்தக நாள், ஆனால் சில ஒப்பந்தங்களில் நோட்டீஸ் நாள் முந்திக்கொள்ளும். இந்தத் தேதிகளை நீங்களே சூத்திரம் போட்டுக் கணக்கிடாமல் எக்ஸ்சேஞ்ச் வெளியிடும் அட்டவணையிலிருந்து எடுப்பதே நல்லது. டபிள்யூ.டி.ஐ.யின் விதி முந்தைய மாதம் 25ஆம் தேதிக்கு மூன்று வர்த்தக நாள் முன் என்பது. ஆனால் 25 விடுமுறை நாளானால் நான்கு நாள் முன். 2020 ஏப்ரல் 25 சனிக்கிழமை. அதனால்தான் கடைசி நாள் 21 ஆனது. இப்படி விடுமுறை குறுக்கிடும் மாதங்களில்தான் சொந்தச் சூத்திரம் காலைவாரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு நாளின் இறுதி ஓப்பன் இன்ட்ரஸ்ட் அன்று மாலையே கையில் இருக்காது, பொதுவாக அடுத்த நாள்தான் கிடைக்கும். பழைய தரவை வைத்துச் சோதிக்கும்போது அதே நாள் எண்ணைப் பயன்படுத்தினால், நிஜத்தில் உங்களால் எடுக்க முடியாத முடிவை நிரல் எடுக்கும். நேரடிக் கண்காணிப்புக்கும் பழைய தரவுக்கும் மாறும் தேதி ஒரு நாள் வேறுபட்டால் முதலில் இங்கேதான் தேடுவேன்.

சரி, தொடரைக் கட்டுவோம். `settle` என்பது தேதி வரிசை, ஒப்பந்தம் நெடுவரிசை கொண்ட அட்டவணை. `held` என்பது ஒவ்வொரு நாள் சந்தை முடிந்தபின் நீங்கள் வைத்திருக்கும் ஒப்பந்தத்தின் பெயர்.

```python
move = settle.diff()
prev = held.shift(1).dropna()
chg = pd.Series({t: move.at[t, c] for t, c in prev.items()})
assert chg.notna().all()

cont = chg.cumsum()
gap = settle.at[held.index[-1], held.iloc[-1]] - cont.iloc[-1]
view = cont + gap
```

இடைவெளியைத் தேடிப் பிடித்துக் கழிக்கும் வேலையே இதில் இல்லை. முந்தைய மாலை எந்த ஒப்பந்தத்தை வைத்திருந்தோமோ அதனுடைய மாற்றத்தை மட்டும் எடுத்து அடுக்குகிறோம், அவ்வளவுதான். நடுவில் உள்ள `assert` வரியை எடுத்துவிடாதீர்கள். புதிய ஒப்பந்தத்துக்கு ஒரு நாள் விலை இல்லாமல் போனால் அந்த இடம் காலியாக வரும். `cumsum` அதைப் பேசாமல் தாண்டிச் சென்றுவிடும், அந்த நாளின் நகர்வு தொடரிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போகும். அப்புறம், இரண்டு ஒப்பந்தங்களுக்கும் செட்டில்மென்ட் விலையையே எடுங்கள். தூரத்து மாதத்தில் கடைசி வியாபாரம் மதியமே நடந்து முடிந்திருக்கலாம். அதை மாலை விலையோடு ஒப்பிட்டால் இன்னொரு பொய்க் குதிப்பு வரும்.

`cont`, `view` என்று இரண்டாகப் பிரித்ததற்கும் காரணம் இருக்கிறது. `view` இன்றைய உண்மை விலையில் வந்து முடியும், ஆனால் ஒவ்வொரு மாதமும் ஒப்பந்தம் மாறும்போது அதன் பழைய விலைகள் அனைத்தும் நகரும். ‘25க்குக் கீழே போனால் சொல்’ என்று போன மாதம் அதில் வைத்த எல்லை இந்த மாதம் வேறு எதையோ குறிக்கும். `cont`இன் கடந்த காலம் மாறாது. அதனால் சராசரி, நிலையற்ற தன்மை போன்றவற்றைச் சேமிக்க வேண்டுமென்றால் `cont`இல் சேமியுங்கள், திரையில் காட்ட மட்டும் `gap`ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். கூடவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி, பழைய ஒப்பந்தம், புதிய ஒப்பந்தம், அன்றைய இரண்டு விலைகள் ஆகியவற்றைத் தனி அட்டவணையில் எழுதிவையுங்கள். எப்போது சந்தேகம் வந்தாலும் அதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கட்டலாம்.

எச்சரிக்கைகளை நான் இப்படிப் பிரிப்பேன். விலை நகர்வுக்கான எச்சரிக்கை `chg`இல் இருக்க வேண்டும். சதவீதம் வேண்டுமானால் அதே ஒப்பந்தத்தின் நேற்றைய அசல் விலையால் வகுக்க வேண்டும், `view`ஆல் வகுக்கக் கூடாது. விலை மட்டத்துக்கான எச்சரிக்கை, அதாவது இந்த விலைக்கு மேல், இந்த விலைக்குக் கீழ் என்பது, நடப்பு ஒப்பந்தத்தின் அசல் விலையில் இருக்க வேண்டும். ‘ஐந்து ஆண்டு உச்சம்’ என்பதைத் தொடர் விலையில் கேட்கவே கேட்காதீர்கள். அந்தத் தொடர் தொடர்ந்து வைத்திருந்தவரின் லாப நஷ்டத்தைத்தான் சொல்கிறது. பழைய தேதியில் அது காட்டும் விலைக்கு அன்றைக்கு யாரும் வாங்கியிருக்க முடியாது.

இடைவெளியை ஒதுக்கிவிட்டோம் என்பதற்காக அதைப் பார்க்காமலே விட வேண்டாம். ஜூன் கழித்தல் மே என்ற ஸ்ப்ரெட்டைத் தனித் தொடராக வையுங்கள். மேலே உள்ள உதாரணத்தில் வெள்ளியன்றே அது 6.76 டாலர், மே விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கிட்ட மாத எண்ணெயை வைக்க இடமில்லை என்பதை அந்த எண் திங்களுக்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தது.

கட்டியது சரியா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒப்பந்தம் மாறிய நாளுக்கு அடுத்த நாள்களின் மாற்றங்களை மட்டும் தனியே எடுத்து, மற்ற நாள்களோடு ஒப்பிடுங்கள். தூர மாதம் எப்போதும் விலை கூடுதலாக இருக்கும் சந்தையில், இடைவெளி எங்காவது கசிந்திருந்தால் இந்த நாள்கள் ஏறக்குறைய எல்லாமே ஏற்றமாக இருக்கும். சரியாகக் கட்டியிருந்தால் ஏற்றமும் இறக்கமும் மற்ற நாள்களைப் போலவே கலந்து வரும். ஒரு குறிப்பிட்ட நாள் மட்டும் உறுத்தினால், பழைய ஒப்பந்தமும் அன்று எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். இரண்டும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு நகர்ந்திருந்தால் அது சந்தையின் நகர்வு. இரண்டும் பெரிதாக வேறுபட்டால் ஸ்ப்ரெட் தொடரைத் திறந்து பாருங்கள். அங்கேயும் அன்று உடைப்பு தெரிந்தால் சந்தையில் நிஜமாகவே ஏதோ நடந்திருக்கிறது. ஸ்ப்ரெட் அமைதியாக இருந்தால் `held`இல் தேதி தவறி இருக்கிறதா என்று தேடுங்கள்.