20 மிமீ பைப் கலந்துபோனது பற்றி

> "ஹட்டனில் ஹாட்வெயார் கடை. மூன்று சப்ளையர் கெட்டலொக்கை ஒரே ஐட்டம் மாஸ்டரில் போட்டேன், 20 மிமீ பைப்பெல்லாம் ஒன்றாகிவிட்டது. எப்படிப் பிரிப்பது?"

அண்ணன், பிவிசியில் 20 மிமீ என்பது வெளிவிட்டம். நாம் அரை இஞ்சி என்று விற்பது அதைத்தான். ஜிஐயில் 20 வெறும் பெயரளவு. அது முக்கால் இஞ்சி, வெளிவிட்டம் ஏறக்குறைய 27 மிமீ. அதனால் ஷீட்டில் இஞ்சியை 25.4ஆல் பெருக்கும் ஃபோர்முலா போட்டிருந்தால், அதை முதலில் அழித்துவிடுங்கள்.

கெட்டலொக்கில் உள்ளதை அப்படியே ஒரு நிரலில் வையுங்கள். பக்கத்தில் பொருள், வர்த்தக அளவு, வெளிவிட்டம் தனித்தனி நிரல்கள். கோட் `PVC-050`, `GI-075` என்று வரட்டும்; 050 என்றால் அரை இஞ்சி, 075 என்றால் முக்கால் இஞ்சி. சப்ளையர் கோட் வேறு ஷீட்டில். அப்புறம் பொருள், வர்த்தக அளவு வாரியாக வரிசைப்படுத்துங்கள். ஒரே கோட்டில் இரண்டு வெளிவிட்டம் தெரிந்தால் அங்கேதான் கலந்திருக்கிறது.